ஆரி ரவிக்கையைத் தண்ணீரில் போடலாமா?

முகூர்த்தத்துக்குத் தைத்த ஆரி ஒர்க் ரவிக்கையைக் கையில் கொடுக்கும்போது தையல்காரர் மறக்காமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "தண்ணி மட்டும் காட்டிடாதீங்க, டிரை வாஷ் கொடுத்துடுங்க." இந்த அறிவுரையில் பாதிதான் சரி. டிரை வாஷ் என்பது தண்ணீருக்குப் பதிலாகப் பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பானிலோ பெட்ரோலிய வகைத் திரவத்திலோ துணியை அலசுவது. எண்ணெய், நெய், முகப்பூச்சு இவையெல்லாம் அதில் நன்றாகக் கரையும். ஆனால் ஹோமப் புகைக்கு நடுவில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்த ரவிக்கையின் முதல் எதிரி எண்ணெய் அல்ல, வியர்வை. வியர்வை காய்ந்தபின் மிஞ்சுவது பெரும்பாலும் உப்பும் யூரியாவும். இவை தண்ணீரில் கரையும், கரைப்பானில் கரையா. கடைக்காரர் அக்குள் பகுதியைத் தண்ணீரால் தனியாகத் துடைத்திருந்தால் ஒழிய, ரவிக்கை வாசமில்லாமல், மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தாலும் உப்பு உள்ளேயேதான் இருக்கும். சில மாதம் கழித்துப் பீரோவைத் திறக்கும்போது அக்குளில் மஞ்சள் படிந்திருக்கும், அதையொட்டிய ஜரிகை கறுத்திருக்கும்.

டிரை வாஷில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. பிளாஸ்டிக் மணிகளில் சில பாலிஸ்டைரீனால் ஆனவை. பெர்குளோரோஎத்திலீன் அவற்றைக் கரைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். முத்துமணியின் மேல்பூச்சும், கல் ஒட்டிய பசையும் கரைப்பானுக்கு இளகக்கூடும். ஆகவே தண்ணீரா, டிரை வாஷா என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஒரே ரவிக்கையில் ஐந்தாறு வகைப் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொன்றுக்கு அஞ்சும். அழுக்கு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் தண்ணீரைக் கொண்டுபோக முடியுமா என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

அதற்கு முன் ஆரித் தையல் எப்படி நிற்கிறது என்று தெரிய வேண்டும். துணியை மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, நுனியில் கொக்கி உள்ள ஊசியை மேலிருந்து குத்துவார்கள். துணிக்கு அடியில் பிடித்திருக்கும் நூலைக் கொக்கி மாட்டி ஒரு கண்ணியாக மேலே இழுக்கும். அடுத்த குத்தில் வரும் கண்ணி முதல் கண்ணிக்குள் நுழைந்து வரும். கண்ணிக்குள் கண்ணியாகப் போகும் இந்தச் சங்கிலித் தையலும் அரிசி மூட்டையின் வாயைத் தைத்திருக்கும் தையலும் ஒரே குடும்பம். மூட்டையின் ஒரு முனையில் நூலைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று முழுதும் பிரியும். மறுமுனையில் எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே தவிரப் பிரியாது. காரணம் எளிது. ஒவ்வொரு கண்ணியையும் கழன்றுவிடாமல் பிடித்திருப்பது அதற்குப் பின் வந்த கண்ணி. கடைசிக் கண்ணிக்குப் பின்னால் எதுவும் இல்லாததால் அதை முடிச்சுப் போட்டுத்தான் நிறுத்தியாக வேண்டும்.

நடுவில் எங்காவது நூல் அறுந்தால், அறுந்த இடத்துக்கு முன்பு போட்ட கண்ணிகள்தான் ஆபத்தில் இருக்கும். பிரிதல் அங்கிருந்து தையலின் தொடக்கத்தை நோக்கி ஓடும். முடிவை நோக்கி ஓடாது. மணியும் சமிக்கியும் அந்தச் சங்கிலியில் கோத்தவையாக இருந்தால், ஒரு மணி விழுந்த இடத்தில் வரிசையாகப் பத்து மணி விழுவதற்கு இதுதான் விளக்கம். சாதாரண ஊசியால் ஒவ்வொரு மணியாகப் பின்னித் தைத்த வேலையில் ஓர் இடத்தில் அறுந்தால் ஒன்றிரண்டு மணியோடு நிற்கும். பிரியத் தொடங்கிய நூலை வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுப்பது மிகக் கெட்ட யோசனை. அந்த முனையை மெல்லிய ஊசியில் கோத்து, கடைசியாக நிற்கும் கண்ணிக்குள் விட்டு, துணியின் பின்பக்கம் இறக்கி முடிச்சிட வேண்டும். இதைத் துணி உலர்ந்திருக்கும்போதே செய்துவிட வேண்டும். நனைந்த பிறகு நூலும் துணியும் வழுக்கும், கண்ணி எது என்று கண்ணுக்குத் தெரியாது.

நூல் எதனால் ஆனது என்பதும் முக்கியம். கடையில் பட்டு நூல் என்று பளபளப்பாகக் கிடைப்பவற்றில் பல உண்மையில் விஸ்கோஸ் ரேயான். பட்டு இழை நனையும்போது 10 முதல் 20 சதவீதம் வலுவிழக்கும். பருத்தி நனைந்தால் வலுக்கூடும். சாதாரண விஸ்கோஸோ ஏறத்தாழ பாதி வலுவை இழந்துவிடும். உலர்ந்தபோது ஒரு மணியைத் தாங்கிய நூல் ஈரத்தில் தாங்காமல் போவது இதனால்தான். தைத்தவரிடம் மிச்ச நூல் ஒரு துண்டு இருந்தால் எரித்துப் பார்க்கலாம். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலானால் விஸ்கோஸ் அல்லது பருத்தி. முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் பட்டு. உருகிக் கெட்டியான உருண்டையானால் பாலியெஸ்டர். அதற்குத் தண்ணீர் பற்றிய கவலையே இல்லை.

வாஷிங் மெஷினை ஏன் நினைக்கவே கூடாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. அரை மீட்டர் விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றிப் பிழிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் சுவரை ஒட்டிக் கிடக்கும் எந்தப் பொருளும் தன் எடையைப் போல ஏறத்தாழ 180 மடங்கு விசையோடு வெளியே தள்ளப்படும். கால் கிராம் எடையுள்ள கல் அந்த நேரத்தில் 45 கிராம் கனத்தோடு நூலை இழுக்கிறது, அதுவும் நூல் பலவீனமாக இருக்கும் ஈர நிலையில். 'டெலிகேட்' பொத்தான் இந்தச் சுற்றைக் குறைக்குமே தவிர, மணியும் மணியும் உரசுவதையும் ரவிக்கைக் கொக்கி சமிக்கியில் மாட்டுவதையும் தடுக்காது. வலைப்பை ஓரளவு உதவும். மெல்லிய லேஸ் வைத்த பாலியெஸ்டர் சுடிதாருக்கு அது போதும், ஆரி ரவிக்கைக்குப் போதாது. கையால் முறுக்கிப் பிழிவதும் இதே குற்றத்தின் சிறிய வடிவம்தான்.

அணிகலன்களில் மூன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். சர்தோசி என்பது மெல்லிய உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றி, அளவாக நறுக்கி, மணிபோல் கோத்துத் தைப்பது. சுருளை அளவுக்கு மீறி இழுத்தால் அது பழையபடி சுருங்காது, நீண்டபடியே நின்றுவிடும். ஆகவே துவாலையின் ஒரு கண்ணி அதில் மாட்டி இழுபட்டாலே போதும், அந்த இதழ் போய்விட்டது. திரும்பச் சுருட்டிவிட வழியில்லை. அந்தத் துண்டை நீக்கிப் புதிதாகத் தைக்கத்தான் வேண்டும்.

சமிக்கி இன்று பெரும்பாலும் பாலியெஸ்டர் அல்லது பிவிசி தகடு. குளிர்ந்த தண்ணீர் இரண்டையும் ஒன்றும் செய்யாது. வெப்பம்தான் செய்யும். ஏறத்தாழ 70, 80 டிகிரி செல்சியஸில் இரண்டுமே இளகத் தொடங்கி, ஓரம் சுருண்டு கிண்ணம்போல் ஆகிவிடும். அதன் மினுமினுப்பு பெரும்பாலும் அலுமினியத்தின் மிக மெல்லிய படலம். அலுமினியம் காரத்தில் கரையும். துணி துவைக்கும் பவுடரின் கரைசலுக்கு பிஎச் அளவு 10-ஐ ஒட்டி இருக்கும். மேலே உள்ள அரக்குப் பூச்சு எங்காவது கீறியிருந்தால் காரம் அந்த வழியே நுழைந்து படலத்தைத் தின்னும், தகடு கண்ணாடிபோல் வெளிறிவிடும். அதே காரம் பட்டின் புரதத்தையும் சிதைத்து இழையின் மெருகைப் போக்கும். துவைக்கும் சோப்புக் கட்டியும் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் உள்ள கால்சியத்தோடு அது சேர்ந்து தயிர்போல் திரியும். திரிந்தது சமிக்கிக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டு, காய்ந்தபின் வெள்ளையாகத் தெரியும். குழந்தைகளுக்கான ஷாம்பு இந்த வேலைக்குப் பொருத்தமானது. பாட்டிமார் பட்டுச் சேலைக்குப் பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரைப் பயன்படுத்தியதில் நல்ல வேதியியல் இருக்கிறது. அதிலுள்ள சப்போனின் நுரைத்து அழுக்கைத் தூக்கும், காரமும் இல்லை. ஆனால் அதன் பழுப்பு நிறம் வெளிர்ந்த பட்டில் ஏறிவிடும் என்பதால் கரும்பச்சை, அரக்கு போன்ற அழுத்தமான நிறங்களுக்கு மட்டும்தான் நான் அதைச் சிபாரிசு செய்வேன்.

மூன்றாவது, பசையில் ஒட்டிய குந்தன் கல். கல்லுக்கு அடியில் பளபளக்கும் தகட்டுப் பூச்சு இருக்கும். தண்ணீர் பக்கவாட்டில் நுழைந்தால் அது கறுத்துப் போகும், பால்போன்ற வெள்ளைத் துணிப் பசையாக இருந்தால் இளகியும் விடும். பசைக் கல் நிறைந்த ரவிக்கையை முழுதாக நனைக்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கு எனக்குத் தெரிந்து இல்லை.

இப்போது ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். அரக்கு நிற ராசில்க், உள்ளே பருத்தி லைனிங், முதுகிலும் கையிலும் சங்கிலித் தையலில் மணி, சமிக்கி, சர்தோசி. கழுத்தோரத்தில் மட்டும் குந்தன். ஒருநாள் உடுத்தியது. அக்குளில் வியர்வை, வேறு கறை இல்லை. இதை முழுதாக நனைக்கத் தேவையே இல்லை. அக்குளில் பெரும்பாலும் ஆரி வேலை இருக்காது, அது நமக்கு வசதி.

முதலில் சாயச் சோதனை. ரவிக்கையின் பக்கவாட்டில் பின்னால் பிரித்துக்கொள்ள விட்டிருக்கும் உள்மடிப்புத் துணியை எடுத்து, ஷாம்புக் கரைசலில் நனைத்த வெள்ளைப் பருத்தித் துணியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். லைனிங்கையும், முடிந்தால் நூலையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அரக்கும் ராணி பிங்க்கும்தான் அதிகம் ஏமாற்றுபவை. வெள்ளைத் துணியில் நிறம் இறங்கினால் வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, பட்டில் அனுபவமுள்ள சலவைக்காரரிடம் கொடுத்து, "அக்குளில் வியர்வை இருக்கிறது" என்று வாயால் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கரைப்பானோடு நிறுத்திக்கொள்வார்.

நிறம் இறங்கவில்லை என்றால், ஒரு லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் ஷாம்பு. கோடையில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நடுப்பகலில் வரும் தண்ணீர் கை சுடும் அளவுக்கு இருக்கும். காலையில் பிடித்து வைத்த தண்ணீரே நல்லது. ரவிக்கையை உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டி, கொக்கிகளை மாட்டி, வேலைப்பாடுள்ள இடங்கள் மெத்தென்ற துணிமேல் படும்படி மேசையில் பரப்ப வேண்டும். அக்குளுக்கு அடியில் மடித்த வெள்ளைத் துவாலை. கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியால் லைனிங் பக்கமிருந்து ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. கரைந்த உப்பு கீழே உள்ள துவாலைக்கு இறங்கும். துவாலையை இடம் மாற்றி மாற்றி வைத்து, பிறகு வெறும் தண்ணீரால் நாலைந்து முறை அதேபோல் ஒற்ற வேண்டும். ஷாம்பு மிச்சமிருந்தால் அடுத்த வியர்வையை அதுவே பிடித்து வைத்துக்கொள்ளும்.

இங்கேதான் பலருக்குத் தோல்வி வருகிறது. அக்குள் சுத்தமாகிவிடும், ஆனால் காய்ந்தபின் நனைந்த இடத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் நிற்கும். நனைந்த பகுதியின் விளிம்பில் ஈரம் வேகமாக ஆவியாகிறது. அதை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஓடும்போது கரைந்த உப்பு, அழுக்கு, சாயம் எல்லாவற்றையும் எடுத்துப்போய் விளிம்பில் போட்டுவிட்டு ஆவியாகிறது. மேசையில் சிந்திய காப்பி ஓரம் மட்டும் கறுத்துக் காய்வதும் இதே குடும்பத்து நிகழ்வுதான். அதற்கான விளக்கத்தை சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-இல் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். வளையத்தைத் தவிர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று, ஈரத்தைத் தையல் கோடு வரை கொண்டுபோய் அங்கே முடிப்பது. வளையம் விழுந்தாலும் தையலில் மறைந்துவிடும். இன்னொன்று, ஈரமான இடத்துக்கு வெளியே லேசாக ஈரம் தோய்ந்த துணியால் வருடி, ஈரத்துக்கும் உலர்வுக்கும் நடுவில் கூர்மையான எல்லையே இல்லாமல் செய்வது. பிறகு உலர்ந்த துணியால் இரண்டு பக்கமும் அழுத்தி, மின்விசிறியின் அடியில் விரைவாகக் காய வைக்க வேண்டும். கடைசி அலசலுக்கு ஆர்ஓ தண்ணீர் எடுத்தால், விளிம்பில் படிய உப்பே குறைவாக இருக்கும்.

குழம்பு சிந்தியோ, மழையில் நனைந்தோ, பசைக் கல் இல்லாத ரவிக்கையை முழுதாக நனைத்தே தீர வேண்டும் என்றால், அருங்காட்சியகங்களில் பழந்துணி துவைக்கும் முறையிலிருந்து ஒன்றைக் கடன் வாங்கலாம். அங்கே துணியைத் தூக்குவதே இல்லை. வலைமேல் பரப்பி, வலையோடு ஆழம் குறைந்த தட்டில் இறக்கி, மேலே இன்னொரு வலையைப் போர்த்தி, பஞ்சால் மேலும் கீழுமாக அழுத்தி எடுப்பார்கள். தண்ணீர் துணிக்குள் போய்வரும், துணி அசையாது. வீட்டில் கொசுவலைத் துண்டு ஒன்றும் அகலமான பிளாஸ்டிக் டப்பும் போதும். கனமான முதுகு வேலைமேல் மெல்லிய வலையைப் பெரிய ஓட்டுத்தையலில் இணைத்துவிட்டால், பிரியக்கூடிய மணியும் வலைக்குள்ளேயே நிற்கும். மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் ஊற வேண்டாம். நான்கு மூலையிலும் வலையைப் பிடித்துத் தூக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் மணியின் எடையும் தண்ணீரின் எடையும் சேர்ந்து இரண்டு சின்ன இடங்களில் தொங்கும்; கழுத்து அகன்றுபோவதற்குப் பெரும்பாலும் இந்த ஒரு நொடிதான் காரணம்.

நனைப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. ரவிக்கையை வெள்ளைத் தாளில் பரப்பி, பென்சிலால் சுற்றுவரை வரைந்து வைத்துக்கொள்ள வேண்டும். ஈரத்தில் பட்டு, பருத்தி இழைகளின் மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் தளரும்; காயும்போது துணி எந்த வடிவில் கிடக்கிறதோ அந்த வடிவில் மீண்டும் பிணையும். சட்டத்தில் விறைப்பாகக் கட்டித் தைத்த துணி என்பதால், நனைந்ததும் வேலைப்பாட்டைச் சுற்றிச் சுருங்கப் பார்க்கும். பருத்தி லைனிங் அதைவிடக் கூடுதலாகச் சுருங்கும், அதுவும் தைப்பதற்கு முன் நனைத்துக் காயவைக்காத லைனிங் என்றால் நிச்சயம். ஆகவே தாளின் மேல் கண்ணாடித்தாள் விரித்து, அதன்மேல் ஈர ரவிக்கையை வைத்து, ஓரங்களைக் கோட்டுக்குக் கொண்டுவர விரல்களால் தட்டித் தட்டி நகர்த்த வேண்டும். இழுக்கக் கூடாது. முன்னதாகத் துவாலைகளுக்கு நடுவில் தட்டையாக வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தண்ணீரை எடுத்துவிட வேண்டும். துவாலையோடு சுருட்டுவது ஸ்வெட்டருக்குச் சரி. இங்கே சுருட்டினால் குழல் மணிகளின் வெட்டு விளிம்பு நூலை அறுக்கும். முன்பக்கத்துக்கும் முதுகுப் பக்கத்துக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணி நுழைத்து, நிழலில் விசிறிக் காற்றில் காய வைக்கலாம். ஹேங்கர் கூடாது.

நெட் துணிக் கை வைத்த ரவிக்கையில் நெட் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர் என்பதால் தண்ணீர் அதைச் சுருக்காது. ஆனால் அறுகோணக் கண்களில் நேராக ஓடும் இழை இல்லை, அதனால் எந்தப் பக்கம் இழுத்தாலும் கண் நீண்டுகொடுக்கும். வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிட்டுத் தொடுவதே பாதிப் பாதுகாப்பு. பருத்தி லேஸ் ஓரம் சுருங்கினால் ஈரத்திலேயே துருப்பிடிக்காத குண்டூசியால் அதன் வளைவுகளை ஒவ்வொன்றாகக் குத்தி நிறுத்திக் காயவைத்தால் வடிவம் திரும்பும்.

இஸ்திரி தேவைப்பட்டால் வேலைப்பாடு தடித்த துவாலைக்குள் புதைந்திருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, லைனிங் பக்கமாக, மிகக் குறைந்த சூட்டில், வேலை இல்லாத இடங்களில் மட்டும். பட்டுக்கான சூடு என்று பெட்டியில் குறித்திருப்பது சமிக்கி இளகும் சூட்டைவிட மிக அதிகம். நீராவி இன்னும் மோசம், தூரத்திலிருந்து பிடித்தாலும் சமிக்கியின் ஓரம் திரும்பும். கறுத்த ஜரிகையை எலுமிச்சையாலும் புளியாலும் தேய்க்கச் சொல்வோரும் உண்டு. பல ஜரிகைகளில் வெள்ளி முலாம் பூசிய செம்புதான் இருக்கிறது. பித்தளைக் குடத்துக்குப் புளி பளபளப்பு தரும், ஜரிகையிலோ கறையோடு முலாமும் சேர்ந்து போய்விடும்.

அடுத்த ரவிக்கையைத் தைக்கக் கொடுக்கும்போதே தையல்காரரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். லைனிங்கை நனைத்துக் காயவைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மிச்ச மணி, சமிக்கி, நூலைச் சின்னப் பொட்டலமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். அக்குளில் இரண்டு அடுக்குப் பருத்தித் துணியில் பிறை வடிவப் பட்டை ஒன்றைப் பிரஸ் பட்டன் வைத்துக் கழற்றி மாட்டும்படி செய்யச் சொல்லுங்கள். கல்யாணம் முடிந்த அன்று இரவே அந்தப் பட்டையைக் கழற்றி, சாதாரண சோப்புப் போட்டு எப்படி வேண்டுமானாலும் கசக்கித் துவைத்துக்கொள்ளலாம்.